காரணம் சொல்லாத கருத்துக்கு எடை ஏது?

1980 ஜனவரியில் எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு கிரைய ஒப்பந்தம். சொத்தின் விலை 3,000 ரூபாய். முன்பணம் 2,000 ரூபாய். மீதி 1,000 ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுத்துப் பத்திரம் முடித்துக்கொள்ள வேண்டும். விற்பவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் கைநாட்டு. அந்தப் பெண்ணோ, ‘இப்படியொரு ஒப்பந்தத்தை நான் எழுதிக் கொடுக்கவே இல்லை; இது போலி’ என்றார். ஒப்பந்தம் எழுதப்பட்ட இரண்டு முத்திரைத்தாள்களில் ஒன்று 1973-லும் மற்றொன்று 1978-லும் வாங்கப்பட்டவை.

விசாரணை நீதிமன்றம் ஒப்பந்தத்தை நம்பவில்லை. வழக்கைத் தள்ளுபடி செய்தது. முதல் மேல்முறையீட்டில் நிலைமை தலைகீழானது. அங்கே நீதிபதி, ஒப்பந்தத்தில் இருந்த கைநாட்டையும் அந்தப் பெண்ணின் மறுக்கப்படாத கைநாட்டையும் தாமே ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்தார். சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2008-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு, உயர் நீதிமன்றத்தின் முடிவே சரி என்றது. ஒப்பந்தத் தேதிக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 28 ஆண்டுகள். இத்தனை ஆண்டுகளில் ஒரு விரல்ரேகை நிபுணரின் கண் அந்தக் கைநாட்டின் மேல் படவே இல்லை.

நிபுணர் சாட்சியம் எப்போது தேவை, அதற்கு நீதிபதி எவ்வளவு எடை கொடுக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த வழக்கிலிருந்தே விடை தேடலாம். கொலை வழக்குகளில் வரும் டிஎன்ஏ அறிக்கைகளைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். ஆனால் சாதாரணக் குடும்பங்களின் வீடும் வயலும் சேமிப்பும் கைமாறுவதோ கைவிட்டுப் போவதோ பெரும்பாலும் ஒரு கையெழுத்தையோ கைநாட்டையோ வைத்துத்தான். ஆகவே அந்தத் தளத்திலேயே நின்று பேசுகிறேன்.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வருபவர் தாம் கண்டதையும் கேட்டதையும் சொல்லலாம். தமக்குத் தோன்றுவதைச் சொல்லக் கூடாது. இது பொது விதி. இதற்கு விலக்கு பெற்றவர் நிபுணர். 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, வெளிநாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து ஆகியவற்றில் தேர்ச்சி உள்ளவரின் கருத்தை ஏற்றுக்கொண்டது. விரல்ரேகை அதில் முதலில் இல்லை. வங்காளத்தின் ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொல்லப்பட்டபோது, அங்கே கிடந்த நாட்காட்டி ஒன்றில் பதிந்திருந்த பெருவிரல் ரேகை ஒரு பழைய வேலைக்காரருடையது என்று கண்டறிந்தார்கள். அவரைத் திருட்டுக்காகத் தண்டித்த நீதிமன்றம், கொலைக்காகத் தண்டிக்கவில்லை. அந்த நாட்காட்டியில் அவர் கை பட்டது என்பதற்கு மேல் ரேகை எதையும் நிரூபிக்காது என்ற நிதானம் அந்த முதல் வழக்கிலேயே இருந்தது. 1899-ல் விரல்ரேகையும் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் இதே விதி 39-ஆவது பிரிவாக இருக்கிறது. ‘வேறு எந்தத் துறையும்’ என்ற சொற்கள் அதில் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. வாசல் அகலமாகிவிட்டதால், வருபவர் உண்மையிலேயே ஒரு துறையின் அறிவோடுதான் வருகிறாரா என்று பார்க்க வேண்டிய கடமையும் நீதிபதிக்குக் கூடியிருக்கிறது.

அதே சட்டத்தின் 72-ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 73, நீதிபதியே கையெழுத்துகளையும் ரேகைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க அனுமதிக்கிறது. முதல் மேல்முறையீட்டு நீதிபதி இந்த அதிகாரத்தைத்தான் பயன்படுத்தினார். அதிகாரம் இருந்தது. அப்படியானால் தவறு எங்கே?

கைநாட்டை வெறுங்கண்ணால் பார்க்கும்போது தெரிவது அதன் பொது வடிவம்தான். வளையம், சுழல், வில் என்று மூன்று பெரும் வகைகள். மனித விரல்களில் பாதிக்கும் மேலானவை வளைய வகையைச் சேர்ந்தவை. எனவே இரண்டு ரேகைகள் பார்வைக்கு ஒத்திருப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. உங்கள் கைநாட்டும் முன்பின் தெரியாத ஒருவருடைய கைநாட்டும் அந்த அளவுக்கு ஒத்திருக்கலாம். ஆளை அடையாளம் காட்டுவது அதற்கு அடுத்த நிலையில் உள்ள நுணுக்கங்கள்: ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எங்கே இரு கோடுகளுக்கு நடுவே ஒரு சிறு துண்டு தனித்து நிற்கிறது என்பவை. நிபுணர் இரண்டு ரேகைகளையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் புகைப்படம் எடுக்கிறார். ஒன்றில் ஒரு புள்ளியைக் குறித்து எண் போடுகிறார். மற்றதில் அதே இடத்தில், அதே வகையில், அதே திசை நோக்கி அந்தப் புள்ளி இருக்கிறதா என்று தேடுகிறார். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே எத்தனை கோடுகள் குறுக்கே போகின்றன என்று எண்ணுகிறார். இப்படிப் பல புள்ளிகள் ஒன்றிய பிறகும், விளக்க முடியாத ஒரே ஒரு வேறுபாடு தென்பட்டால் அது அதே விரல் என்று சொல்ல முடியாது.

ரேகை தெளிவாக இருந்தால்தான் இதெல்லாம் சாத்தியம். மை அதிகமாகத் தடவப்பட்டால் கோடுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் அடைந்துபோகும். விரல் நழுவினால் கோடுகள் இழுபட்டுவிடும். நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் தேய்ந்த விரல்களில் கோடுகளே மங்கியிருக்கும். அந்த ஒப்பந்தத்தில் இருந்த கைநாட்டும் தெளிவற்றதுதான். மங்கலாகவோ தேய்ந்தோ இருக்கும் ரேகையை மேலோட்டமாகப் பார்த்து நீதிமன்றம் ஊகத்தில் இறங்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், எந்தெந்த அம்சங்கள் ஒத்திருக்கின்றன என்று ஆராய்ந்து காரணங்களோடு எழுத வேண்டும். ஒத்திருப்பதாகத் தெரிகிறது என்ற ஒரு வரி போதாது.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் இன்றும் இதில் தடுமாற்றம் உண்டு. போலி என்று சொன்னவர்கள்தானே நிபுணருக்கு அனுப்பக் கோரியிருக்க வேண்டும் என்ற வாதம் எழுந்தது. ஆவணத்தை நம்பி வழக்குப் போட்டவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், நான் செய்யவில்லை என்பதை நிரூபிக்கும் சுமை எதிராளிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நிபுணரை அழைக்காததன் விளைவு யார் தலையில் விழும் என்பது இதை வைத்துத்தான் முடிவாகும்.

எல்லா வழக்கிலும் நிபுணர் தேவையா என்றால், இல்லை. காசோலை வழக்குகளைப் பாருங்கள். கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் தொகையும் தேதியும் வேறொருவர் எழுதியவை, நிபுணருக்கு அனுப்புங்கள் என்று மனுக்கள் வருகின்றன. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை ஒருவர் தாமாகவே கொடுத்திருந்தால், அதை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் சட்டத்தின் அனுமானம் காசோலை வைத்திருப்பவருக்கே சாதகம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அங்கே, நிரப்பியது யார் என்ற கேள்விக்கு நிபுணர் எவ்வளவு துல்லியமாக விடை சொன்னாலும் பெரும்பாலும் வழக்கு நகராது. கையெழுத்தே என்னுடையது இல்லை என்று மறுப்பது வேறு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு காசோலை வழக்கில், அப்படி மறுத்தவருக்கு நிபுணரை நாடும் வாய்ப்பைத் தராதது நியாயமான விசாரணையை மறுப்பதாகும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கின் முடிவு அந்தக் கேள்வியில் தொங்குகிறதா, அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் வழி அறிவியலில் இருக்கிறதா என்ற இரண்டையும் நீதிபதி முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குச் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. புரோநோட்டும் காசோலையும் பின்தேதியில் தயாரிக்கப்பட்டவை, மையின் வயதைக் கண்டுபிடியுங்கள் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. அப்படி வந்த ஒரு வழக்கில் நீதிபதி எஸ். நாகமுத்து, தடய அறிவியல் துறையின் ஆவணப் பிரிவுத் தலைவரையே வரவழைத்துக் கேட்டார். ஓர் எழுத்து எப்போது எழுதப்பட்டது என்று அறிவியல்பூர்வமாகச் சொல்லும் வசதி இங்கே இல்லை என்பதை அந்த அதிகாரி விளக்கினார். யோசித்துப் பார்த்தால், மையின் வயது தெரிந்தாலும் எழுத்தின் வயது தெரிந்துவிடாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தயாரான பேனாவால் நேற்று எழுத முடியும். ஆவணத்தை அனுப்பி ஓராண்டு காத்திருந்து, கருத்துக் கூற இயலாது என்ற பதிலோடு அது திரும்பி வருவதை அந்த ஒரு நாள் விசாரணை மிச்சப்படுத்தியது. நிபுணரிடம் அவர் துறையின் எல்லையைக் கேட்பதும் நிபுணர் சாட்சியம்தான். அதை நம் நீதிமன்றங்கள் இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கையெழுத்துக்கு வருவோம். ரேகை பிறப்பு முதல் இறப்பு வரை மாறாதது. கையெழுத்து அப்படியில்லை. ஒரே ஆள் ஒரே நாளில் போடும் இரண்டு கையெழுத்துகள்கூட முழுவதும் ஒன்றாக இரா. சொல்லப்போனால், இரண்டு கையெழுத்துகள் இம்மி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால்தான் நிபுணருக்குச் சந்தேகம் வரும். ஒன்றை வைத்து மற்றதை இழைத்து எடுத்திருக்கிறார்கள் என்பதன் அடையாளம் அது. எழுத்தின் வடிவத்தைப் போலி செய்பவர் பிடித்துவிடுவார். ஓட்டத்தைப் பிடிப்பதுதான் கடினம். இயல்பாகப் போடும் கையெழுத்தில் கோடு வேகமாகப் போகும். மேலே ஏறும்போது மெலிந்து, கீழே இறங்கும்போது அழுத்தம் கூடும். முடிவில் பேனா தாளை விட்டு எழும்போது கோடு கூர்மையாகக் கரையும். பார்த்துப் போடும் கையெழுத்தில் அழுத்தம் ஒரே சீராக இருக்கும், சுழிகளில் தயக்கம் தெரியும், பேனா எடுக்க வேண்டாத இடத்தில் எடுத்திருப்பார்கள், முனைகள் மழுங்கியிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நடுக்கம் போலிக்கும் அடையாளம், முதுமைக்கும் அடையாளம். ஓர் உயில் 2016-ல் எழுதப்பட்டது, எழுதியவர் அடுத்த ஆண்டு இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பிடுவதற்கு அவருடைய 1998-ஆம் ஆண்டு வங்கி மாதிரிக் கையெழுத்து மட்டும் அனுப்பப்பட்டால், உயிலில் உள்ள நடுங்கிய கையெழுத்து போலியாகத்தான் தெரியும். அதே மனிதர் 2015-லும் 2016-லும் ஓய்வூதியத்துக்காகக் கொடுத்த வாழ்வுச் சான்றுகளையும் சேர்த்து அனுப்பினால், அதே நடுக்கம் அங்கேயும் இருப்பது தெரியவரும். நிபுணர் அதே நிபுணர், உயில் அதே உயில், கருத்து மட்டும் மாறிவிட்டது. மாற்றியது ஒப்பீட்டுக்குப் போன தாள்கள்.

ஆகவே நிபுணர் அறிக்கையின் தரம் பெருமளவு தீர்மானமாவது ஆய்வகத்தில் இல்லை, அதற்கு முன்பே நீதிமன்றத்தில். எந்தக் கையெழுத்துகளை ஒப்பீட்டுக்கு அனுப்புவது என்பதைப் பல வழக்குகளில் யாரும் யோசிப்பதில்லை. கைக்கு எட்டிய வக்காலத்தையும் எதிர்வழக்குரையையும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வழக்கு வந்த பிறகு போட்ட கையெழுத்து அது. மறுக்க நினைப்பவர் அதில் வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருக்கலாம். தகராறு எழுவதற்கு முன், சர்ச்சைக்குரிய ஆவணத்தின் தேதியை ஒட்டிய காலத்தில், வேறு காரியத்துக்காகப் போட்ட கையெழுத்துகளே சரியானவை. அவையும் ஒன்றிரண்டு போதாது. இயல்பான மாறுபாடு எவ்வளவு என்று தெரிய பல வேண்டும். வங்கி, கூட்டுறவுச் சங்கம், பணியிடக் கோப்பு, பதிவு செய்யப்பட்ட பத்திரம் ஆகிய இடங்களில் அவை கிடைக்கும். கைநாட்டுக்கு இந்த மாற்றிப் போடும் பயம் கிடையாது. சம்பந்தப்பட்டவர் முன்பு எப்போதாவது பத்திரம் பதிந்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தின் விரல்ரேகைப் பதிவேட்டில் மறுக்க முடியாத ரேகை கிடைக்கும்.

அறிக்கை வந்த பிறகு எடை போடுவது எப்படி? இங்கே இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. அரசு ஆய்வகம் சொல்லிவிட்டது, முடிந்தது என்று வழக்கையே அறிக்கையிடம் ஒப்படைத்துவிடுவது ஒன்று. கையெழுத்து நிபுணரின் கருத்து பலவீனமானது, வேறு ஆதாரம் இல்லாமல் தொடவே கூடாது என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது மற்றொன்று. 1979-ல் முராரி லால் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற கொலை வழக்கில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி இரண்டாவது தவறைத் திருத்தினார். கொலை நடந்த அறையில், படித்தும் வேலை கிடைக்கவில்லை என்ற குமுறலோடு ஒரு குறிப்பு எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதன் கையெழுத்து குற்றம்சாட்டப்பட்டவருடையது என்றார் நிபுணர். வேறு ஆதாரத்தின் துணையில்லாமல் கையெழுத்து நிபுணரின் கருத்தை ஏற்கவே கூடாது என்ற சட்டம் எதுவும் இல்லை. எச்சரிக்கை தேவை, ஆனால் அந்த எச்சரிக்கை நிபுணர்கள் நம்பத்தகாதவர்கள் என்பதால் வருவதில்லை, மனித முடிவு எதுவும் தவறக்கூடும் என்பதால் வருவது என்று அவர் விளக்கினார். விரல்ரேகை அறிவியல் ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்டது, கையெழுத்து ஒப்பீடு அந்த அளவுக்கு வளரவில்லை, ஆகவே பின்னதில் கவனம் கூடுதலாக வேண்டும் என்று வேறுபடுத்தியும் காட்டினார். கருத்துக்கான காரணங்களைத் துருவிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி.

காரணங்களைத் துருவினால் என்ன நடக்கும் என்பதற்கு 1999-ஆம் ஆண்டின் இமாசலப் பிரதேச வழக்கு ஒன்று நல்ல சான்று. நோய் தாக்கிய ஆப்பிள்களை அரசே வாங்கிக்கொள்ளும் திட்டம். தோட்டத்தில் விளைந்ததைவிட அதிகமாகக் கணக்குக் காட்டிப் பணம் வாங்கிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. தோட்டத்தில் எவ்வளவு விளைந்திருக்கும் என்று சொல்லத் தோட்டக்கலை அதிகாரி ஒருவர் நிபுணராக வந்தார். அவருக்குப் படிப்பும் பதவியும் இருந்தன. ஆனால் விளைச்சலை எந்த முறையில் மதிப்பிட்டார், அந்த முறைக்கு அடிப்படை என்ன என்பது அவர் சாட்சியத்தில் இல்லை. அந்த மதிப்பீட்டை நம்பித் தண்டிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். நிபுணரின் வேலை, தம் முடிவைச் சோதித்துப் பார்க்கத் தேவையான அளவுகோல்களை நீதிபதியின் கையில் கொடுப்பது; அவற்றை வைத்து முடிவெடுப்பது நீதிபதி. சட்டமும் இதையே சொல்கிறது. கருத்துக்கான காரணங்களும் பொருத்தமான சாட்சியமே என்று தனிப் பிரிவே இருக்கிறது.

அப்படியானால் காரணமே எழுதாத அறிக்கைக்கு என்ன மதிப்பு? சர்ச்சைக்குரிய கையெழுத்தும் மாதிரிகளும் ஒரே நபரால் எழுதப்பட்டவை என்ற ஒற்றை வரி முடிவுக்கு நான் எந்த எடையும் தர மாட்டேன். எந்த ஆய்வகத்தின் முத்திரை அதில் இருந்தாலும் சரி. பெரிதாக்கிய புகைப்படங்கள் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒற்றுமைகளோடு வேற்றுமைகளும் குறிக்கப்பட்டு, அந்த வேற்றுமைகள் ஏன் முடிவைப் பாதிக்கவில்லை என்றும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஒரு தரப்பு கட்டணம் கொடுத்து அழைத்துவரும் தனியார் நிபுணரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: உங்களிடம் எத்தனை மாதிரிகள் தரப்பட்டன, அவற்றைத் தேர்ந்தெடுத்தது யார், ஒதுக்கிவிட்ட மாதிரிகள் உண்டா? தந்ததில் தமக்குச் சாதகமானவற்றை மட்டும் படம் எடுத்திருந்தால் இந்தக் கேள்வியில் வெளிவந்துவிடும். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர்கள் நிபுணரின் பட்டத்தையும் அனுபவத்தையும் குடைவதில் செலவிடும் நேரத்தில் பாதியை அவருடைய புகைப்படங்களின் மீது செலவிட்டால் போதும்.

நிபுணர் ஒன்று சொல்கிறார், ஆவணத்தில் கையெழுத்திட்ட சாட்சிகள் வேறு சொல்கிறார்கள் என்றால் யாரை நம்புவது? எங்கள் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார் என்று சாட்சிகள் உறுதியாகச் சொல்லி, குறுக்கு விசாரணையிலும் அசையவில்லை என்றால், ஒப்பீட்டை மட்டும் நம்பி அவர்களைப் பொய்யர்களாக்கிவிட முடியாது. அறுபதுகளில் ஓர் உயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழியில்தான் போனது. ஆனால் சாட்சிகள் எல்லாரும் பயனடைபவரின் ஆட்களாகவும், முத்திரைத்தாள் பழையதாகவும், கொடுத்ததாகச் சொல்லும் பணத்துக்குத் தடயம் இல்லாமலும் இருந்தால், காரணங்களோடு கூடிய நிபுணர் கருத்து அந்தச் சாட்சிகளைச் சாய்த்துவிடும். எடை என்பது நிபுணர் அறிக்கைக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்ட எண் கிடையாது. பக்கத்தில் என்ன ஆதாரம் நிற்கிறது என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும்.

கடைசியாக, நேரம். நிபுணருக்கு அனுப்பக் கோரும் மனு நம் நீதிமன்றங்களில் பெரும்பாலும் சாட்சி விசாரணை முடிந்து, வாதம் தொடங்கும் வேளையில்தான் வருகிறது. இழுத்தடிக்கும் உத்தி என்று எதிர்த்தரப்பு சொல்லும். நீதிபதியும் தள்ளுபடி செய்வார். அந்த உத்தரவு உயர் நீதிமன்றம் வரை போய் வரும். மறுப்பு எழுந்த அன்றே, எதிர்வழக்குரை தாக்கலான கையோடு, இந்தக் கையெழுத்தை எதனோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்று இரு தரப்பையும் நீதிபதி கேட்டுவிடலாம். வழக்கறிஞர் ஆணையர் மூலம் மூல ஆவணத்தைச் சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்கு அனுப்பும் உத்தரவை அப்போதே போடலாம். வங்கியின் பழைய மாதிரிக் கையெழுத்து அட்டையும் அலுவலகக் கோப்பும் அழிக்கப்படாமல் இருக்கும் காலம் அதுதான்.